அந்த ரெண்டு அடி எங்கே போச்சு?

2024 ஆசிரியர் தினத்துக்கு நாங்கள் எங்கள் கணக்கு சாருக்கு ஒரு வீடியோ அனுப்பினோம். ஆறு பேருடைய இப்போதைய போட்டோ, ஒவ்வொன்றின் கீழேயும் பெயர், நாடு, பின்னால் மெல்லிய இசை, கடைசியில் "எங்கள் வாழ்வில் ஒளியேற்றிய ஆசானுக்கு" என்று தங்க நிற எழுத்து. ஒன்றரை நிமிடம் ஓடும். சிங்கப்பூரில் ஒரு ராத்திரி உட்கார்ந்து நான்தான் அதைச் செய்தேன். பதிலும் வந்தது: "நன்றி. எல்லாரும் நல்லா இருங்க." சாருடைய மருமகள் டைப் செய்து அனுப்பியிருந்தார். எனக்கு நிறைவாகத்தான் இருந்தது.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சாரைப் பார்க்கப் போனேன். கோபிச்செட்டிபாளையத்தைத் தாண்டி, தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய ஊர். சாருக்கு 78 வயது ஆகிறது. மோர் கொடுத்தார்கள், குடித்தேன், பேசிக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மருமகளிடம் போனை வாங்கி, அந்த வீடியோவைப் போடச் சொல்லி என்னிடம் நீட்டினார். "இதுல யாரு யாருன்னு கொஞ்சம் சொல்லு கண்ணு. பேரு படிக்கிறேன், மொகம் பாக்கறேன், ஆளு தெரிய மாட்டேங்குதே."

என்னையும் இன்னொருவனையும் தவிர மற்ற நாலு பேரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நாலு மாதமாக யார் என்று தெரியாத நாலு பேருக்கு "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்களை நினைவில் தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது மனசு கனத்துப் போயிருந்தது.

யோசித்துப் பார்த்தால் அவர்மேல் தப்பே இல்லை. வருசத்துக்கு ரெண்டு வகுப்பு, வகுப்புக்கு நாற்பது பேர், முப்பத்துச் சொச்சம் வருச சர்வீஸ். ரெண்டாயிரம் பேருக்கு மேல் வரும். எங்கள் வகுப்பில் மட்டும் மூன்று பழனிசாமி. அவரும் எங்களைப் பெயரை வைத்துக் கூப்பிட்டது குறைவு. கூகலூரான், மேவாணியான், அந்தியூர்ப் பெரியவன், சின்னவன் என்று ஊரை வைத்தும் வீட்டை வைத்தும்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவருக்கு வழுக்கை விழுந்த ஒரு நாற்பத்தைந்து வயது முகத்தையும் கீழே ஒரு நாட்டின் பெயரையும் காட்டினால் என்ன தெரியும்? அவருடைய நினைவில் நாங்கள் இன்னும் அரை டிராயரும் ரெட்டைச் சடையுமாகத்தான் இருக்கிறோம். அந்தப் பையனையும் அந்தப் பெண்ணையும்தான் அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும்.

அதனால் இந்த வருசம், 2025இல், வேறு மாதிரி செய்தோம். போட்டோ வேண்டாம், இசை வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம். என்ன சொல்ல வேண்டும் என்று நான் கட்டளை போடவில்லை. ஆனால் முதல் வாக்கியம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: எந்த வருசத்து செட், எந்த ஊர், அப்பா என்ன செய்தார், வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இந்த நாலையும் சொன்ன பிறகுதான் பெயர்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் எங்கள் தோழி சொன்னது இது: "சார், நான் 96 செட்டுங்க. கவுந்தப்பாடிப் பக்கம். எங்கய்யன் சந்தைக்குச் சர்க்கரை மூட்டை ஏத்திட்டு மாட்டு வண்டி ஓட்டுவாருங்க. மழை பெஞ்சா அந்த வண்டியிலயே பள்ளிக்கூடத்துக்கு வந்து எறங்குவேனுங்க." பெயரை அவள் கடைசியில்தான் சொன்னாள். அதற்கு முன்னாலேயே சார் "அட, வண்டிக்காரர் பொண்ணு" என்றாராம். மருமகள் எனக்குப் பிறகு சொன்னார்.

முதல் வாக்கியம் சுலபமாக அமைந்தது. அதற்கப்புறம் வருவதில்தான் எல்லோரும் தடுமாறினோம். டாக்காவில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிற நண்பன் அனுப்பிய முதல் பதிவில் ஏணி இருந்தது, தோணி இருந்தது, மெழுகுவர்த்தி இருந்தது, தெய்வமும் இருந்தது. அவன் மனசில் இருந்த மரியாதை உண்மைதான். ஆனால் அதை எந்த ஊரில் எந்த வாத்தியாருக்கு அனுப்பினாலும் பொருந்தும். அவனைப் போனில் கூப்பிட்டு, "சரி, அவர் உனக்கு என்ன செஞ்சாரு, ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தான். அப்புறம், "எதுல நூத்துக்கு" என்றான்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது, ஏனென்றால் எனக்கும் அது ஞாபகம் இருந்தது. சார் சதவீதம் நடத்தும்போது அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையைத்தான் இழுப்பார். ஆயிரம் ரூபாய் ஆட்டுக்கு ஒருத்தன் நூற்றுக்குப் பத்து ஏற்றிச் சொல்கிறான். வாங்குகிறவன் பேரம் பேசி நூற்றுக்குப் பத்து குறைக்கிறான். இப்போது விலை என்ன? வகுப்பே "ஆயிரம்" என்று கத்தும். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "எதுல நூத்துக்கு?" என்று கேட்பார். ஏற்றினது ஆயிரத்தில் பத்து சதவீதம், அதனால் 1,100. குறைத்தது ஆயிரத்து நூறில் பத்து சதவீதம், அதனால் 110 போய் 990. ஒரே பத்துதான், ஆனால் எதன்மேல் என்பது மாறிப்போச்சு.

டாக்காவில் அவன் தினமும் பார்ப்பது இதே கணக்கைத்தான். பின்னல் துணி துவைத்தால் சுருங்கும். 100 சென்டிமீட்டர் என்று குறி போட்ட துணி, துவைத்துக் காய வைத்த பிறகு 90க்கு வந்தால் சுருக்கம் பத்து சதவீதம். துவைத்த பிறகு 100 நிற்க வேண்டும் என்றால் எவ்வளவு வெட்ட வேண்டும்? புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் பத்தைக் கூட்டி 110 என்று எழுதுவார்களாம். துவைத்தால் 99தான் நிற்கும், ஏனென்றால் சுருக்கம் 110இல் பத்து சதவீதமாகப் போகிறது. 100ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும், 111.1 வரும். "சார், இங்க இருக்கற பசங்களுக்கு நான் வங்காளத்துல கேக்கறது உங்க கேள்விதானுங்க. எதுல நூத்துக்குன்னு. ஒரு சென்டி குறைஞ்சா மொத்த லாட்டும் சந்தேகத்துல நின்னுருங்க. ஆடு மட்டும்தான் இங்க இல்லீங்க, கணக்கு அதேதானுங்க." அவனுடைய இரண்டாவது பதிவு இதுதான். 55 வினாடி. மெழுகுவர்த்தியும் ஏணியும் தானாகவே காணாமல் போயிருந்தன.

பாராட்டை மட்டும் கேட்கிற வாத்தியார் "நல்லா இரு" என்பதோடு நிறுத்திவிடுவார். அவர் என்றைக்கோ சொன்ன ஒரு கேள்வி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று சொன்னால் திரும்பக் கேட்க அவருக்கு ஏதாவது கிடைக்கும். டாக்காவுக்கு சார் அனுப்பிய பதிலில் வாழ்த்தே இல்லை: "அப்ப அகலத்துலயும் சுருங்குமில்ல? அது நீளத்துக்குச் சமமாவா சுருங்கும்?" சமமாகச் சுருங்காது என்று அவன் விளக்கினான். ரெண்டு நாள் அவர்கள் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சொல்வதை எப்படிச் சொல்வது என்பதிலும் சிலவற்றைத் திருத்த வேண்டியிருந்தது. வயதானவர்களுக்குக் காது மந்தமாகும்போது முதலில் குறைவது கீச்சுக் குரலும் உயர்ந்த சுருதியும்தான். சத்தம் கேட்கும், ஆனால் ச, த, க எல்லாம் ஒன்றோடொன்று கலந்து சொல் பிடிபடாது. அதனால்தான் நாம் கத்திப் பேசினாலும் "என்ன, என்ன" என்கிறார்கள். கத்தவே கூடாது. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சுவிட்டு, பின்னால் வேறு சத்தம் இல்லாமல் பேச வேண்டும். நர்ஸ் தோழி முதலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று படபடவென்று பேசி அனுப்பினாள். எனக்கே பாதி புரியவில்லை. வேலை முடிந்து, காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி பேசினாள். அது தெளிவாக இருந்தது.

இன்னொன்று, யார் எண்ணிலிருந்து போகிறது என்பது. +968, +880 என்று தொடங்கும் தெரியாத எண்களிலிருந்து ஏதாவது வந்தால் இப்போது ஊரில் யாரும் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது. மோசடிக்காரர்கள் பயம் அப்படி. அதனால் எல்லோருடைய குரலும் என்னிடம் வந்து, மருமகளின் போனில் ஏற்கெனவே பெயரோடு பதிந்திருக்கும் என் எண்ணிலிருந்தே போனது. அதையும் ஒரே மூச்சில் அனுப்பவில்லை. சார் மத்தியானம் படுத்து எழுந்து, நாலு மணிக்கு டீ குடிக்கிற நேரம்தான் தோது என்று மருமகள் சொன்னார். அந்த நேரத்துக்கு ரெண்டு, மறுநாள் அதே நேரத்துக்கு ரெண்டு, மூன்றாம் நாள் கடைசி ஒன்று என்று மூன்று நாளாக அனுப்பினேன். ஒரே நாளில் எல்லாம் போனால் ஒருவர் சொன்னது இன்னொருவர்மேல் ஏறிக்கொள்ளும். ஒவ்வொருவரையும் அவர் தனியாக நினைக்க நேரம் வேண்டும்.

செப்டம்பர் 5 எங்களுக்கு மட்டும்தான் ஆசிரியர் தினம் என்பதும் இந்த வேலையில் தெரிந்துகொண்ட விஷயம். 1888இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளை 1962இலிருந்து நாம் கொண்டாடுகிறோம். மெல்பர்னில் அது அக்டோபர் கடைசியில் வருகிறது. ஓமனில் பிப்ரவரியில் வருகிறது. சிங்கப்பூரில் செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை. இந்த வருசம் அந்த வெள்ளி ஐந்தாம் தேதியாகவே விழுந்ததால் என் மகளுக்கும் பள்ளி விடுமுறை. நான் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்ததை அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

ஆறு பேரில் ஒருவன் பேசவில்லை. நியூஜெர்சியில் இருக்கிறான். முதலிலேயே சொல்லிவிட்டான்: "எனக்கு அவருகிட்டச் சொல்றதுக்கு நல்லதா ஒண்ணும் இல்ல. பிரம்புதான் ஞாபகம் இருக்குது." சார் அடிப்பார், அது உண்மை. அவனைக் கொஞ்சம் கூடவே அடித்திருக்கிறார், அதுவும் உண்மை. போன வருச வீடியோவில் அவனைக் கேட்காமலே அவன் போட்டோவைச் சேர்த்திருந்தேன், அது நான் செய்த தப்பு. இந்த முறை வற்புறுத்தவில்லை. கட்டாயத்தில் பேசினால் குரலிலேயே தெரிந்துவிடும், அது ரெண்டு பேருக்கும் நல்லதில்லை. மூன்றாம் நாள் சார் எண்ணிப் பார்த்துவிட்டு, "போன வருசம் ஆறு பேரு இருந்தீங்க, ஒருத்தன் கொறையறானே, அவன் நல்லா இருக்கறானா?" என்று கேட்டார். அந்தக் குரல் பதிவை அப்படியே அவனுக்கு அனுப்பி வைத்தேன். கேட்டுவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது. இதுவரை ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் போனது மெல்பர்ன் நண்பனுடைய பதிவு. அதை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருந்தேன். அவன் அங்கே நில அளவைக்காரன். அவன் பேசியதை அப்படியே தருகிறேன்:

"சார், 96 செட்டுங்க, மேவாணி. எங்கய்யன் நெல்லு மிசின்ல வேலை செஞ்சாருங்க. மூணாவது பெஞ்சு, சன்னலோரம். நீங்க எங்களை வாய்க்காலுக்குக் கூட்டிட்டுப் போயி, எறங்காம அதோட அகலத்தைச் சொல்லச் சொன்னீங்க. அக்கரையில ஒரு தென்னமரம், அதுக்கு நேரா இக்கரையில ஒரு முளைக்குச்சி. அங்கிருந்து கரையோரமா இருபது தப்படி நடந்து ரெண்டாவது முளை, இன்னும் பத்து தப்படி நடந்து மூணாவது முளை. அங்கிருந்து வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி நேரா நடந்து, ரெண்டாவது முளையும் தென்னமரமும் ஒரே கோட்டுல எப்பத் தெரியுதோ அங்க நிக்கச் சொன்னீங்க. ஒம்போது தப்படி வந்துச்சுங்க. அதுல ரெண்டு மடங்கு பதினெட்டு, தப்படிக்கு ரெண்டரை அடி, 45 அடின்னேன். அப்புறம் நான் கயித்தைப் புடிச்சுட்டு நீந்தினேன், 43 அடிதான் வந்துச்சு. அந்த ரெண்டு அடி எங்க போச்சுன்னு கேட்டீங்க. இன்னிக்கு வரைக்கும் நான் பதில் சொல்லலீங்க சார். இப்ப டோட்டல் ஸ்டேஷன்னு ஒரு அளவுக் கருவி வெச்சு ஆத்துக்கு அக்கரையில இருக்கறதை மில்லிமீட்டர்ல சொல்றேனுங்க. ஆனா அந்த ரெண்டு அடி எனக்குத் தெரியலீங்க."

கணக்குப் பிடிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ரெண்டாவது முளையில் முனை சேர்த்து ரெண்டு முக்கோணம், ஒன்று வாய்க்கால் பக்கம், இன்னொன்று வயல் பக்கம். ரெண்டும் ஒரே வடிவம், அளவு மட்டும் வேறு. கரையோரம் 20க்கு 10, அதாவது ரெண்டுக்கு ஒன்று. அப்படியானால் வாய்க்காலின் அகலமும் வயல் பக்கம் நடந்ததைப் போல ரெண்டு மடங்கு. தண்ணீரில் கால் வைக்காமலே அகலம் வந்துவிடும். சார் இதைப் பலகையில் நடத்தியபோது எனக்குப் புரியவில்லை. வாய்க்கால் கரையில், அந்தத் தென்னை மெல்ல நகர்ந்து வந்து முளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட நொடியில் புரிந்தது.

7ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது. முதலில் மூன்று வெறும் பதிவுகள், ஒரு வினாடி, ரெண்டு வினாடி. சாருக்கு அந்த மைக் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வரவில்லை. நாலாவதில் குரல் வந்தது. கொஞ்சம் நடுக்கம், ஆனால் அதே குரல்தான்.

"ஏங்கண்ணு, கயித்தைப் புடிச்சுட்டு நீந்துனது நீயா! உன்னால ஹெட்மாஸ்டர்கிட்ட நான் வாங்கின பேச்சு இருக்குதே, பையனை எதுக்கய்யா தண்ணியில எறக்கினேன்னு ஒரு மணி நேரம். அதனால அன்னிக்கு நடந்தது பூராவும் எனக்கு ஞாபகம் இருக்குது. கேட்டுக்க. அது ஒம்போது தப்படி இல்ல. எட்டரை. நான் பக்கத்துலயே நின்னு எண்ணிட்டிருந்தேன். எட்டு முடிஞ்சு காலைப் பாதி வெச்சதுமே மரம் மறைஞ்சுபோச்சு. நீ ஒம்போதுன்னு எழுதிப்போட்ட. நீயே கண்டுபுடிக்கட்டும்னு நான் சொல்லாம விட்டேன். அப்புறம் காலாண்டுப் பரிட்சை வந்துருச்சு, கேக்க மறந்துபோச்சு. தென்னமரமும் இல்ல அது. பனைமரம்."

நான் அதை மெல்பர்னுக்கு அனுப்பியபோது அங்கே ராத்திரி பதினொரு மணி. தூங்கியிருப்பான் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு போட்டோ வந்தது. ஏதோ மின்சார பில்லின் பின்பக்கம், பேனாவால் எழுதியது:

8.5 × 2 × 2.5 = 42.5

அதற்குக் கீழே தமிழில்: "அரைத் தப்படி தப்பு, ரெண்டு மடங்கானதும் ஒரு தப்படி. ரெண்டரை அடி. கயிறு தண்ணியில கொஞ்சம் வளைஞ்சிருக்கும், அதான் 43. சாருகிட்டச் சொல்லீரு. இல்ல வேண்டாம், நானே காலையில கூப்பிடறேன். அவரு எத்தனை மணிக்கு எந்திரிப்பாரு?"